போலி சிடியைக் காட்டிக்கொடுக்கும் உள்வளையம்

2004ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவினர் சேர்க்கப்பட்டார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்கள், போதைப்பொருள் விற்பவர்கள், குடிசைப்பகுதி நிலங்களை அபகரிப்பவர்கள் ஆகியோரோடு வீடியோ திருடர்களும் அந்தச் சட்டத்தின் நீளமான பெயருக்குள் வந்தார்கள். சென்னை பர்மா பஜாரிலும் ஊருக்கு ஊர் பேருந்து நிலைய வாசல்களிலும் திருட்டு விசிடி கொடிகட்டிப் பறந்த காலம் அது.

அந்தத் திருட்டு விசிடியைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. தியேட்டரில் கேமரா வைத்து எடுத்த படம், மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்குள் மங்கலாக அச்சடித்த ஒரு காகிதம், தகட்டின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய படப்பெயர். விற்றவரும் மறைக்கவில்லை, வாங்கியவரும் ஏமாறவில்லை.

இன்னொரு வகை உண்டு. கெட்டியான பெட்டி, வண்ண உறை, பாட்டுப் புத்தகம், கம்பெனி முத்திரை, பளபளக்கும் வெள்ளித் தகடு என்று எல்லாம் அசலைப் போலவே இருக்கும். விலையும் ஏறக்குறைய அசல் விலைதான். வாங்குகிறவர் அசல் என்று நம்பியே வாங்குவார். பழைய இசைத்தட்டுகளையும் சிடிகளையும் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று அதிகம் ஏமாறுவது இந்த வகையில்தான், அதுவும் பொருளை நேரில் பார்க்காமல் நாலைந்து புகைப்படங்களை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பும்போது. ஆனால் இந்த வகைப் போலியும் இரண்டு இடங்களில் தடயம் விட்டுவிடுகிறது. ஒன்று உறையின் அச்சு. மற்றது தகட்டின் நடுத் துளையைச் சுற்றியுள்ள, பெரும்பாலோர் பார்க்கவே பார்க்காத உள்வளையம்.

உறையிலிருந்து தொடங்கலாம். அசல் கம்பெனியிடம் புகைப்படக்காரர் எடுத்த மூலப் படம் இருக்கும். எழுத்துகளும் முத்திரையும் தனியாக வடிவமைக்கப்பட்டிருக்கும். ஆஃப்செட் அச்சில் புகைப்படம் மட்டுமே சிறு சிறு வண்ணப் புள்ளிகளாகப் பிரிக்கப்படும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் வெவ்வேறு கோணங்களில் விழுவதால், லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவை குட்டிக் குட்டிப் பூக்களைப் போல் வரிசையாகத் தெரியும். பாடல் பட்டியலின் கறுப்பு எழுத்துகளுக்குப் புள்ளி தேவையில்லை. அவை ஒரே கறுப்பு மையில், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக அச்சாகும்.

போலி செய்கிறவரிடம் இந்த மூலங்கள் எதுவும் கிடையாது. கடையில் வாங்கிய ஒரு உறையை ஸ்கேன் செய்துதான் அவர் தொடங்க வேண்டும். ஸ்கேனருக்கு எழுத்து எது, படம் எது என்று தெரியாது. முழு உறையும் அதற்கு ஒரே படம். அதை மறுபடி அச்சிடும்போது, முன்பு திடமாக இருந்த கறுப்பு எழுத்தும் நான்கு வண்ணப் புள்ளிகளாக உடைந்துவிடுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண லென்ஸ் ஒன்று போதும். கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிவது தெரியும். காப்புரிமை வரி போன்ற மிகச் சிறிய எழுத்துகளில் உள்ள குட்டி வட்டங்கள் மை அடைத்துப் போயிருக்கும். பார்கோடின் மெல்லிய கோடுகள் தடித்து ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும்.

புகைப்படத்தில் நடப்பது இன்னும் சுவாரசியமானது. ஏற்கெனவே புள்ளிகளாக இருக்கும் படத்தின் மேல் மறுபடி ஒரு புள்ளி வலை விழுகிறது. இரண்டு வலைகளும் ஒன்றோடொன்று மோதினால் அசலில் இல்லாத அலையலையான கோலம் ஒன்று தோன்றும். முகத்தின் கன்னம், வானம், வெற்றுச் சுவர் போன்ற சீரான பரப்புகளில் இதைத் தேட வேண்டும். அலை தெரியாமலிருக்கப் போலிக்காரர் படத்தைச் சற்றே மங்கலாக்குவார். அப்படிச் செய்தால் அலை போகும். அதோடு தலைமுடி இழைகளும் துணியின் மடிப்புகளும் போய்விடும். நிழலான பகுதிகள் ஒரே கறுப்பாக அடைந்துவிடும், வெளிச்சமான பகுதிகள் வெளிறிவிடும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும் என்பதால், மூலப்படம் இல்லாதவர் இந்தக் கண்ணியிலிருந்து முழுமையாகத் தப்புவது கடினம்.

படத்தின் விளிம்பையும் பார்க்க வேண்டும். அச்சகத்தில் படத்தைத் தேவையான அளவைவிடச் சற்றுப் பெரிதாக அச்சிட்டு, பிறகு ஓரத்தை வெட்டுவார்கள். போலிக்காரரின் கையில் இருப்பது ஏற்கெனவே வெட்டிய உறை. அவரும் வெட்டுவதற்கு இடம் விட வேண்டுமென்றால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். விளைவாக ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் காணாமல் போகும். அசல் உறையின் படத்தை அருகில் வைத்து, மூலையில் நிற்பவரின் தோளோ தலைப்பு எழுத்தோ ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒப்பிட்டால் இது பிடிபடும்.

உறை சாட்சியின் உச்சபட்ச உதாரணம் சிடி காலத்துக்கு முந்தையது. 1964 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் வீ-ஜே கம்பெனி, 'இன்ட்ரொடியூசிங் தி பீட்டில்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. பத்தே நாளில் போட்டிக் கம்பெனியான கேபிடல் தன் பீட்டில்ஸ் தட்டைக் கொண்டுவந்தது. இரண்டு கம்பெனிகளும் நீதிமன்றத்தில் மோதின. பாடல் உரிமைச் சிக்கலால் வீ-ஜே இரண்டு பாடல்களை நீக்கி வேறு இரண்டைச் சேர்க்க நேர்ந்தது. 1966இல் அந்தக் கம்பெனியே திவாலானது. தட்டுக்குத் தேவை இருந்தது, தயாரிக்கச் சட்டப்படி ஆளில்லை. போலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. உலகிலேயே மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட இசைத்தட்டுகளில் ஒன்றாக அது ஆனது. இன்றும் பழைய தட்டு விற்கும் இடங்களில் அசலைவிடப் போலியே எளிதாகக் கண்ணில் படுகிறது.

அதன் உறையில் நால்வரும் இருக்கும் புகைப்படத்தில் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது ஜார்ஜ் ஹாரிசனின் நிழலை. அசலில் அவருக்குப் பின்னே நிழல் விழுந்திருப்பது தெரியும். பல போலிகளில் அது இல்லை. யாரும் அதை வேண்டுமென்று அழிக்கவில்லை. படத்தைப் படமெடுத்தபோது மென்மையான சாம்பல் நிற வேறுபாடுகள் தாங்காமல் போய்விட்டன. சில போலிகளில் உறையைச் சுற்றி அசலில் இல்லாத ஒரு பழுப்பு ஓரம் தெரிகிறது. இன்னும் சிலவற்றில் உறை ஸ்டீரியோ என்று பெருமையாகச் சொல்லும். உள்ளே இருக்கும் தட்டின் லேபிளில் அந்தச் சொல்லே இருக்காது. அசலில் ஸ்டீரியோ பதிப்பு அரிது, விலை பல மடங்கு. அதனால்தான் அந்தச் சொல்லை உறையில் போட அவ்வளவு ஆசை.

தட்டை உருவி லேபிளைப் பார்த்தால் இன்னும் தெளிவான அடையாளம் ஒன்று கிடைக்கும். அசலில் தட்டின் தலைப்பும் 'தி பீட்டில்ஸ்' என்ற குழுப் பெயரும் நடுத் துளைக்கு மேலேயே இருக்கும். தலைப்பு துளைக்கு மேலேயும் குழுப் பெயர் கீழேயும் பிரிந்து நின்றால் அது போலி. இதற்கு லென்ஸ்கூட வேண்டாம். கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றுப் பரப்பையும் பார்க்கலாம். அசல் தட்டுகளில் எண்ணோடு, தட்டுக்கு அச்சு தயாரித்த தொழிற்கூடத்தின் முத்திரையும் இயந்திரத்தால் பதிக்கப்பட்டிருக்கும். பல போலிகளில் கையால் கீறிய எண் மட்டும் இருக்கிறது. லேபிளை நன்றாக நகலெடுத்த போலிக்காரர்கள்கூட இந்த வெற்றுப் பரப்பைப் பொருட்படுத்தவில்லை. வாங்குகிறவர்களும் பார்க்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சிடியில் அந்த வெற்றுப் பரப்பின் இடத்தைப் பிடிப்பதுதான் உள்வளையம். சிடியைக் கவிழ்த்து நடுவிலிருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தால் முதலில் 15 மில்லிமீட்டர் துளை. அதைச் சுற்றி பெரும்பாலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அடுத்து, பாட்டுப் பதிவு தொடங்குவதற்கு முன், கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு குறுகிய வளையம். அதற்கு வெளியேதான் வானவில் நிறம் காட்டும் பதிவுப் பகுதி.

கம்பெனி சிடி தீயால் 'எரித்து' எழுதப்படுவதல்ல, அச்சு வைத்து வார்க்கப்படுவது. லேசர் கருவியால் முதலில் ஒரு மூலத் தகடு எழுதப்படும். அதிலிருந்து ஸ்டாம்பர் என்ற உலோக அச்சு எடுப்பார்கள். அதை வார்ப்பு இயந்திரத்தில் பொருத்தி, உருகிய பாலிகார்பனேட்டைச் செலுத்தினால் தகடு தகடாக வரும். பிறகு அலுமினியப் பூச்சு, அதன் மேல் காப்புப் பூச்சு, அதன் மேல் லேபிள் அச்சு. லேசர் கருவி எழுதும் எண் ஸ்டாம்பர் வழியாகப் பளபளப்பான வளையத்தில் வந்துவிடும். வார்ப்பு இயந்திரத்தின் அச்சில் வெட்டிய எழுத்து, துளையைச் சுற்றியுள்ள நிறமற்ற பிளாஸ்டிக்கில் வந்துவிடும். அதாவது ஒவ்வொரு தகடும் தன்னை எழுதிய கருவியின் பெயரையும் வார்த்த இயந்திரத்தின் பெயரையும் சுமந்துகொண்டே வெளியே வருகிறது.

இதை ஒழுங்குபடுத்தத்தான் 1994இல் சர்வதேச இசைத்தட்டுத் தொழில் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐயும் ஃபிலிப்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஒரு குறியீட்டு முறையைக் கொண்டுவந்தன. பளபளப்பான வளையத்தில் ஐஎஃப்பிஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும், பின்னால் 'எல்' என்று தொடங்கும் ஒரு சிறு குறியீடும் இருந்தால் அது மூலத் தகட்டை எழுதிய கருவியைக் குறிக்கும். நடுவில் நிறமற்ற பிளாஸ்டிக்கில் அதே நான்கு எழுத்துகளோடு இன்னொரு குறியீடு இருந்தால் அது வார்த்த ஆலையையும் அச்சையும் குறிக்கும். முதலாவது சாய்வெளிச்சத்தில் எளிதாகத் தெரியும். இரண்டாவது மிகச் சிறியது, நிறமற்றது. கறுப்புத் துணியின் மேல் தகட்டை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

வீட்டுக் கணினியில் எழுதிய தகட்டைப் பிரித்தறிவது எளிது. அதன் அடிப்பக்கத்தில் சாயப் படலம் இருப்பதால் பச்சை, நீலம் அல்லது வெளிர்பொன் சாயல் தெரியும். பதிவு முடியும் இடத்தில் நிறம் மாறும் வட்டக் கோடு ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். உண்மையான சோதனை வெள்ளித் தகட்டுப் போலியில்தான். அது ஆலையில், அசலை வார்க்கும் அதே வகை இயந்திரத்தில் வார்க்கப்பட்டது. திருட்டுக்குத் துணைபோன ஆலை தன் பெயரை விட்டுவைக்குமா? வார்ப்பு அச்சிலிருந்து குறியீட்டைச் சுரண்டிவிடும். அந்த அச்சில் வார்த்த ஒவ்வொரு தகட்டிலும், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பான ஒரு தழும்பு இருக்கும். குறியீடு வெறுமனே இல்லாததைவிட இந்தத் தழும்பு பெரிய சாட்சி. சுரண்டினாலும் முழுவதும் தப்ப முடியாது. அச்சின் உலோகப் பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களும் தகட்டில் பதிந்துவிடுகின்றன. ஐஎஃப்பிஐயின் தடய ஆய்வகம் அவற்றை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, எந்த ஆலையின் எந்த அச்சில் வார்த்தது என்று கண்டுபிடித்திருக்கிறது.

ஒரு தகட்டை எடுத்து நடைமுறையில் பார்க்கலாம். 1986இல் முதலில் வெளிவந்த ஓர் ஆங்கில இசைத் தொகுப்பு. முதல் பதிப்பு என்று சொல்லி, நல்ல விலைக்கு ஒருவர் விற்கிறார். லேபிளில் 'மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்று இருக்கிறது. ஜெர்மனி 1990 அக்டோபர் 3 அன்று ஒன்றானது என்பதால் பார்த்தவுடன் நம்பிக்கை வருகிறது. கறுப்புத் துணியில் வைத்துப் பார்த்தால் உள்வளையத்தில் ஐஎஃப்பிஐ குறியீடு. 1994க்கு முன் இல்லாத ஒன்று 1986 தகட்டில் இருக்க முடியாது. அது முதல் பதிப்பு அல்ல என்பது இதோடு உறுதி.

ஆனால் போலி என்று உறுதியா? இல்லை. அசல் ஆலைகள் பழைய லேபிள் ஃபிலிமையே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியதுண்டு. நாடு மாறிய பிறகும் லேபிளில் பழைய பெயர் தொடர்ந்தது. ஆகவே இது நேர்மையான மறுபதிப்பாகவும் இருக்கலாம். அடுத்து பளபளப்பான வளையத்தில் உள்ள எண்ணை, உறையின் முதுகில் உள்ள வெளியீட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான கம்பெனித் தகடுகளில் இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கும். வளையத்தில் சம்பந்தமே இல்லாத நாலு இலக்கம் மட்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு உறையை லென்ஸில் பார்க்க வேண்டும். கறுப்பு எழுத்து திடமாக இருந்து, வளைய எண்ணும் பொருந்தினால் மறுபதிப்பு. எழுத்து வண்ணப் புள்ளிகளாக உடைந்து, வளையத்தில் தழும்பும் இருந்தால் போலி. ஒற்றை அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள்தான் இந்தத் துறையில் அதிகம் தவறுகிறார்கள்.

அசல் எல்லாம் அழகாக இருக்கும் என்று நினைப்பதும் அப்படிப்பட்ட தவறு. மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்கத் தொடங்கியபோது, திருட்டுத் தகட்டோடு விலையிலேயே மோதுவதுதான் அதன் திட்டம். கெட்டிப் பெட்டிக்கும் தடித்த காகிதத்துக்கும் அந்த விலையில் இடமில்லை. தமிழ்ப் படங்களும் அப்படி எளிய உறையில் உரிமையோடு வந்தன. உறை மலிவாக இருப்பதால் மட்டும் அவற்றைத் திருட்டு என்று ஒதுக்குவது அநியாயம். சாயப் படலம் தெரிந்தால் போலி என்ற விதிக்கும் விலக்கு உண்டு. வார்னர் நிறுவனம் 2009 முதல் தன் பழைய படங்களை, ஆர்டர் வந்த பிறகு எழுதும் டிவிடிகளாக அதிகாரபூர்வமாகவே விற்றது. அந்த அசல் தகடுகளின் அடிப்பக்கமும் சாய நிறத்தில்தான் இருக்கும். 1994க்கு முந்தைய அசல்களில் ஐஎஃப்பிஐ குறியீடு இருக்காது என்பதையும், துணிச்சலான போலிக்காரர்கள் பொய்யான குறியீட்டையே பதித்ததுண்டு என்பதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புகைப்படம் மட்டும் பார்த்து வாங்குகிறவர், விற்பவரிடம் எந்தப் படத்தைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது இதனால் அவசியமாகிறது. முன் உறையை முழுதாக எடுத்த அழகான படத்தால் பயன் குறைவு. இணையத்தில் கிடைக்கும் அசல் உறையின் படமாகக்கூட அது இருக்கலாம். பின் உறையின் சிறிய எழுத்தை மிக அருகில் எடுத்த படம் ஒன்று வேண்டும். இப்போதைய கைபேசிகளின் நெருக்கப் படத்தில் வண்ணப் புள்ளிகள் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அலைக்கோலத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. கேமராவின் புள்ளிகளும் அச்சின் புள்ளிகளும் மோதுவதால், அசல் உறையின் புகைப்படத்திலும் அலை தோன்றக்கூடும். படத்தைத் திரையில் சிறிதாக்கும்போதும் தோன்றும். பெரிதாக்கும்போதும் நகர்த்தும்போதும் அலையின் வடிவம் மாறினால் அது திரையின் வேலை. வேறு தூரத்திலிருந்து எடுத்த இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் அதே வடிவில் நின்றால்தான் அச்சின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

உள்வளையத்தின் படம்தான் இரண்டாவது. தகட்டைக் கறுப்புத் துணியின் மேல் கவிழ்த்து வைத்து, ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சற்றே சாய்த்து எடுக்கச் சொல்லலாம். வளையத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதால் ஒரே படத்தில் எல்லாம் வராது. தகட்டைக் கால் சுற்றுத் திருப்பித் திருப்பி நான்கு படங்கள் எடுத்தால் எண், குறியீடு, நடுவில் உள்ள நிறமற்ற எழுத்து மூன்றும் வந்துவிடும். ஸ்கேனரில் வைத்து எடுத்த படம் இதற்கு உதவாது. அதன் நேர்வெளிச்சத்தில் நிறமற்ற எழுத்து பெரும்பாலும் மறைந்துவிடும். இசைத்தட்டாக இருந்தால் லேபிளுக்கு வெளியே உள்ள வெற்றுப் பரப்பை இதே சாய்வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்ல வேண்டும். விற்பவருக்கு இந்த வேலை பத்து நிமிடம் பிடிக்கும். பெரிய விலை சொல்கிறவர் அதற்கு மறுத்தால், பணம் அனுப்பாமல் இருப்பதே நல்லது.